கடைசிப் பக்கத்திலிருந்து

கோத்தகிரியில் மழைக்காலத்தில் பத்திரம் கொண்டு வருகிறவர்கள் அதைக் குழந்தையைத் தூக்கி வருவது போலத்தான் கொண்டு வருவார்கள். பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் துணிப்பை, அதற்கு மேல் ஸ்வெட்டருக்குள் செருகிய கை. மலையில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். ட்ரங்க் பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்தாலும் மடிப்பில் பூசணம் பிடிக்கும், ரப்பர் முத்திரையின் ஊதா மை பக்கத்துத் தாளில் இறங்கிவிடும். போன ஜூலையில் வந்த அக்கா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்திருந்தார். உள்ளே அவருடைய அப்பா 1996-இல் எழுதிக் கொடுத்த பத்திரம், ஐந்து தாள். (ஊர், உறவு, ஆண்டு, அளவு எல்லாவற்றையும் இங்கே மாற்றியிருக்கிறேன். வாசகங்களின் வடிவம் மட்டும் அப்படியே.)

"தம்பி, இதை இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. மெட்ராஸ் வக்கீல் கேக்குறார். ரெண்டு நாள்ல குடுத்துடுவீங்களா?"

ரெண்டு நாளில் கொடுக்க மாட்டேன் என்றேன். முதல் நாள் முழுக்கப் படிக்க மட்டும்தான் செய்வேன். இது அவருக்குப் புரியவில்லை. அஞ்சு தாளைப் படிக்க ஒரு நாளா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் முதல் வரியிலிருந்தே தட்டச்சு செய்துகொண்டு போவேன். அப்படி ஒருமுறை 'கிரயப் பத்திரம்' என்று தலைப்புப் போட்ட ஒன்றை மொழிபெயர்த்தேன். எழுதிக் கொடுத்தவரை விற்பவர் என்றும் எழுதி வாங்கியவரை வாங்குபவர் என்றும் ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டே போனேன். நான்காவது பக்கத்தில், ஐந்து வருஷத்துக்குள் இதே தொகையைத் திருப்பிக் கொடுத்தால் சொத்தைத் திரும்பக் கிரயம் செய்து கொடுக்க வேண்டியது என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரி அதே பத்திரத்துக்குள் இருந்தால், அது விற்பனையா, விற்பனை உருவத்தில் இருக்கும் அடமானமா என்று கேட்க இடம் வந்துவிடுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் இதைப் பற்றியே பேசுகிறது. வழக்கே அந்தக் கேள்வியில்தான் நின்றது. நானோ விற்பவர், வாங்குபவர் என்று முப்பது இடத்தில் எழுதி, நீதிபதி சொல்ல வேண்டியதை நானே சொல்லி வைத்திருந்தேன். வக்கீல் கோபப்படவில்லை. "எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர்னுதானே தமிழ்ல இருக்கு? நீங்க ஏன் வேற பேர் வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். பதிவுத்துறையில் இந்த இரண்டுக்கும் எக்ஸிகியூட்டன்ட், கிளைமன்ட் என்று எந்தப் பக்கமும் சாயாத சொற்கள் இருக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அன்று இரவு முழுக்க உட்கார்ந்து திருத்தினேன். அதற்குப் பிறகு எந்தப் பத்திரத்தையும் முழுக்கப் படிக்காமல் முதல் வரியைத் தொட்டதில்லை.

சரி, பிஸ்கட் டின் பத்திரத்துக்கு வருகிறேன்.

அக்காவிடம் முதலில் கேட்டது, இது எதற்காக மெட்ராஸ் போகிறது என்று. கதை இது. அப்பா 1996-இல் ஒரு ஏக்கர் சொச்சம் தேயிலைத் தோட்டத்தை மகளுக்கு எழுதி வைத்தார். எட்டு வருஷம் கழித்து அதை ரத்து செய்து, வேறொரு பத்திரத்தில் மகனுக்குக் கொடுத்தார். அப்பா இறந்த பிறகு அக்காவும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனார்கள். கீழ்க்கோர்ட்டில் வழக்கு தமிழிலேயே நடந்தது, பத்திரத்தைத் தமிழிலேயே படித்தார்கள், யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. இப்போது இரண்டாவது மேல்முறையீடு. அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அதனால் பத்திரம் முதல்முறையாக ஆங்கிலத்தில் போகிறது. இரண்டாவது மேல்முறையீட்டில் சாட்சிகளை மறுபடி அலச மாட்டார்கள், சட்டக் கேள்வி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். உரிமைக்கே அடிப்படையான ஒரு பத்திரத்துக்கு என்ன பொருள் கொள்வது என்பது அப்படி ஒரு சட்டக் கேள்வியாகலாம். ஆக, அங்கே என் மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு வினைச்சொல்லையும் நிறுத்திப் படிப்பார்கள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகுதான் பத்திரத்தைத் திறந்தேன். திறந்தது கடைசித் தாளின் பின்பக்கத்தை.

தலைப்பில் 'தான செட்டில்மெண்ட் பத்திரம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. தலைப்பு என்பது பத்திரம் எழுதுகிறவர் வைக்கிற பெயர். கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, பெயரைப் பார்க்காதே, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார் என்பதுதான். உயில் என்று தலைப்புப் போட்டு உடனே சொத்தைக் கொடுத்துவிட்ட பத்திரங்களும் உண்டு. செட்டில்மெண்ட் என்று தலைப்புப் போட்டு உயிலைப் போலவே எழுதப்பட்டவையும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் பேச ஆரம்பிக்கும், அவர் உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழிக்கலாம். செட்டில்மெண்ட்டில் உரிமை எழுதிய அன்றைக்கே கை மாறுகிறது, கொடுத்தவர் பிறகு மனம் மாறினார் என்பதற்காகத் தன்னிச்சையாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அக்காவின் அப்பா 2004-இல் செய்த ரத்து செல்லுமா செல்லாதா என்பது, 1996-இல் அவர் எழுதியது இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்தது.

பின்பக்கத்தில்தான் சார்பதிவாளர் அலுவலகக் குறிப்புகள் இருக்கும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் தாக்கல் செய்தார், இடது பெருவிரல் ரேகை, இன்னார்தான் இவர் என்று காட்டிய இரண்டு பேரின் கையெழுத்து. கீழே, எந்தப் புத்தகத்தில் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் பதிந்தார்கள் என்று ஒரு வரி. பலர் இந்த வரியைக் கடந்து போய்விடுவார்கள், சிலர் மொழிபெயர்க்காமலே விட்டுவிடுவார்கள். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து பற்றிய, உயில் அல்லாத பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். ஆகவே அந்த ஒற்றை எண், பத்திரத்தைப் பதிந்த அன்று அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

இந்தத் தாளில் சரியாக அந்த எண் இருந்த இடத்தில் ஈரம் இறங்கி ஊதா மை படர்ந்திருந்தது. 1 போலவும் தெரிந்தது, 3 போலவும் தெரிந்தது. படிக்க முடியாததை ஊகித்து எழுதக் கூடாது. அக்காவை வில்லங்கச் சான்று எடுத்து வரச் சொன்னேன். இப்போது tnreginet.gov.in தளத்திலேயே வில்லங்கம் பார்க்கலாம். வில்லங்கச் சான்றில் 1-ஆம் புத்தகப் பத்திரங்கள் வரும், உயில் வராது. அக்காவின் மகன் செல்போனிலேயே பார்த்தான். 1996, செட்டில்மெண்ட், எழுதிக் கொடுத்தவர் தாத்தா பெயர், எழுதி வாங்கியவர் அம்மா பெயர். 1-ஆம் புத்தகம்தான். இருந்தாலும் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'புத்தக எண் தெளிவாக இல்லை' என்றே போட்டேன், ஏனென்றால் நான் மொழிபெயர்ப்பது இந்தத் தாளை. எண் வேண்டுமென்றால் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி அதையும் சேர்த்துக் கொடுங்கள் என்று வக்கீலுக்கு எழுதினேன். வாங்கினார்கள்.

அடுத்து முத்திரைத்தாள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. ஆனாலும் நம் ஊரில் ஒரு கெத்துக்காக இருபது ரூபாய்த் தாளில் உயில் எழுதுவார்கள், அதனால் முத்திரைத்தாள் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சொத்து மதிப்புக்கு ஏற்ற தீர்வை கட்டியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. இதில் கட்டியிருந்தது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதுவும் உதவாது, தானத்துக்கும் இரண்டு சாட்சி வேண்டும், உயிலுக்கும் இரண்டு சாட்சி வேண்டும்.

பின்பக்கம் முடித்த பிறகு சொத்து விவரத்துக்குப் போனேன். சர்வே எண், நான்கெல்லை, ஏக்கர், சென்ட். இங்கே சிக்கல் இல்லை. இதே கூடலூர்ப் பத்திரமாக இருந்தால் இன்னும் மெதுவாகப் படித்திருப்பேன். அங்கே 'ஜன்மம் நிலம்' என்று வரும். அதைப் 'பிறந்த மண்' என்ற பொருளில் யாரோ ஆங்கிலப்படுத்திய ஒரு தாளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜன்மம் என்பது அந்தப் பகுதியில் ஒரு நில உடைமை முறையின் பெயர், அதை ஒழிக்க 1969-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தச் சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது, அப்படியே வைத்துக் கீழே குறிப்புப் போட வேண்டும்.

அப்புறம்தான் முதல் பக்கம். பென்சிலை எடுத்து வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன். நடந்த கதையைச் சொல்கிற வினைகளுக்கு ஒற்றைக்கோடு. 'இந்தச் சொத்து எனக்கு இன்ன பத்திரப்படி கிடைத்தது', 'நீ என்னைக் கவனித்து வருகிறாய்' மாதிரியானவை. ஒரு காரியத்தைச் செய்கிற வினைகளுக்கு இரட்டைக்கோடு. ஐந்து தாளில் இரட்டைக்கோடு விழுந்தது நான்கே இடத்தில்.

'மேற்படி சொத்தை உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் இன்று உனக்கு செட்டில்மெண்ட் செய்து கொடுத்திருக்கிறேன். மூலப் பத்திரங்களை உன் வசம் ஒப்படைத்திருக்கிறேன். என் ஆயுள்காலம் வரையில் மேற்படி சொத்தின் வரும்படியை நானே அனுபவித்து வருவேன். என் காலத்துக்குப் பிறகு நீ சர்வ சுதந்திரமாய் அடைந்து, தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது.'

'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்றால் தானம் கொடுக்கவும், பரிமாற்றம் செய்யவும், விற்கவும் உரிமையோடு என்று பொருள். வழக்கு முழுக்க இந்த நான்கு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'கொடுத்திருக்கிறேன்' என்பதை வெறும் இறந்தகாலமாக ஆங்கிலத்தில் போட்டால், எப்போதோ வாய்மொழியாகக் கொடுத்துவிட்டு இப்போது அதைப் பதிவு செய்கிற தாள் இது என்று ஒரு தோற்றம் வரும். எதிர்காலமாகப் போட்டால் வெறும் வாக்குறுதி ஆகிவிடும். பத்திரத் தமிழில் இந்த '-இருக்கிறேன்' இந்தத் தாளே, இந்தக் கையெழுத்தே காரியத்தைச் செய்கிறது என்று சொல்லும் வடிவம். பக்கத்தில் 'இன்று' என்ற சொல்லும் நிற்கிறது. 'இன்றைய தேதியில் கொடுத்திருக்கிறேன்' என்று தமிழில் உள்ள அளவுக்கே, கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் கொண்டுவர வழி இருக்கிறது. பழைய ஆங்கிலப் பத்திரங்களில் இதே வடிவம் உண்டு.

'வேண்டியது' இன்னொரு கண்ணி. பேச்சில் அது கட்டாயம். பத்திரத்தில் 'அனுபவித்துக் கொள்ள வேண்டியது' என்றால் அனுபவித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை, அனுபவிக்கும் உரிமை உனக்கு என்று பொருள். ஆனால் இதே பத்திரத்தில் வேறொரு இடத்தில் 'வரி வகையறாக்களை நீயே செலுத்தி வர வேண்டியது' என்று வருகிறது. அங்கே அது கடமைதான். ஒரே சொல், ஒரே கை எழுதியது, இரண்டு வேலை. வாக்கியம் எதைச் செய்கிறது என்று பார்க்காமல் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று போகிறவர் இந்த இரண்டில் ஒன்றில் கட்டாயம் தவறுவார்.

நான் அதிக நேரம் நின்றது 'அடைந்து' என்ற சொல்லிடம்.

வக்கீல் அலுவலகத்தில் அவசரத்துக்கு யாரோ செய்து வைத்திருந்த ஒரு வரைவு எனக்கும் வந்திருந்தது. அதில் இந்த வாக்கியம், 'என் காலத்துக்குப் பிறகு நீ சொத்தின் உரிமையாளர் ஆவாய்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா இறந்த பிறகுதான் மகள் உரிமையாளர் ஆகிறாள் என்றால், அதுவரை உரிமை அப்பாவிடம். அப்படியானால் இது உயில், ரத்து செல்லும். அக்காவின் வக்கீலே கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்யும் தாளில், அக்காவின் வழக்கை ஒரு வாக்கியம் முடித்து வைத்திருக்கும்.

தமிழில் என்ன இருக்கிறது? 'நீ சர்வ சுதந்திரமாய் அடைந்து'. எதை அடைந்து? செயப்படுபொருள் இல்லை. தமிழுக்கு அது தேவையுமில்லை, முன் வாக்கியத்தில் சொன்னதைக் கேட்பவர் தானாகக் கொண்டு வந்து சேர்த்துக்கொள்வார். ஆங்கிலம் விடாது, ஒரு பொருளைக் கேட்கும். உரிமையை அடைந்து என்று போட்டால் தம்பிக்குச் சாதகம். சுவாதீனத்தை, அதாவது அனுபவத்தை, அடைந்து என்று போட்டால் அக்காவுக்குச் சாதகம்: உரிமை 1996-லேயே வந்துவிட்டது, அப்பாவின் ஆயுள்வரை வருமானம் மட்டும் அவரிடம், பிறகு அனுபவமும் வருகிறது என்று ஆகிவிடும். ஆயுள்கால அனுபவத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு செட்டில்மெண்ட் செய்வது வழக்கத்தில் உள்ளதுதான்.

அக்காவின் மகன் கெட்டிக்காரன், நான் விளக்கியதும் பிடித்துக்கொண்டான். "அப்ப ரெண்டாவதையே போடுங்க அண்ணா. அதுவும் சரிதானே?"

சரியாக இருக்கலாம். பத்திரத்தை முழுக்கப் படித்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூலப் பத்திரங்களைக் கையில் கொடுத்தது, தீர்வை கட்டியது, 1-ஆம் புத்தகம் எல்லாமே அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆனால் அதை வாதிட வேண்டியது வக்கீல், சொல்ல வேண்டியது நீதிபதி. தமிழ் திறந்து வைத்திருக்கும் கதவை நான் சாத்தினால், எதிர்த்தரப்பு வக்கீல் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். அப்போது அந்த ஒரு சொல் மட்டும் போகாது, ஐந்து தாளின் மேலும் சந்தேகம் விழும். இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மாவுக்கு இதைப் புரிய வைக்கிறேன்" என்றான்.

கடைசியில் நான் போட்டது ஆங்கிலத்தில் 'எடுத்துக்கொள்வது' என்ற பொருள் தரும் சாதாரணச் சொல். சட்ட ஆங்கிலத்தில் உரிமை பெறுவதற்கும் அதே சொல்தான், சுவாதீனம் பெறுவதற்கும் அதே சொல்தான். செயப்படுபொருளாக 'மேற்படி சொத்து' என்பதைச் சதுர அடைப்புக்குள் போட்டேன், முன் மூன்று வாக்கியங்களில் இரண்டில் அதுதான் வருகிறது. கீழே அடிக்குறிப்பில், மூலத்தில் இங்கே செயப்படுபொருள் சொல்லப்படவில்லை, மூலச் சொல் இது, உரிமை பெறுவதையும் சுவாதீனம் பெறுவதையும் குறிக்க இரண்டுக்கும் வழங்குகிறது என்று மூன்று வரி எழுதினேன். மொத்த மொழிபெயர்ப்பிலும் அடிக்குறிப்பு மூன்றுதான். எல்லாவற்றுக்கும் குறிப்புப் போட்டால், எது முக்கியம் என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து மகன் மறுபடி வந்தான். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறான், குடும்பச் சொத்தைக் காட்ட விசா விண்ணப்பத்தில் அதே பத்திரத்தை வைக்க வேண்டுமாம். "அதான் ஏற்கனவே பண்ணீங்களே, அதையே ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க."

அதே தாள்தான். படிக்கப் போகிறவர் வேறு. உயர் நீதிமன்றத்துக்குப் போன தலைப்பில் செட்டில்மெண்ட் என்ற சொல்லை அப்படியே வைத்திருந்தேன். இந்திய நீதிபதிக்கு அது துல்லியமான சொல், முத்திரைச் சட்டத்திலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது, உயில் அல்லாத ஏற்பாடு என்று. வெளிநாட்டுத் தூதரகத்தில் இருக்கும் அதிகாரிக்கு அது தகராறைப் பேசி முடித்த ஒப்பந்தம் என்று தோன்றும், அல்லது கணக்கு முடித்தது என்று தோன்றும். அவருக்குக் குடும்பத்துக்குள் பத்திரம் மூலம் செய்த தானம் என்று தலைப்பிலேயே ஒரு விளக்கம் வேண்டும். 'அடைந்து' பற்றிய அடிக்குறிப்பு அவருக்கு வேண்டாம். ஏக்கருக்கும் சென்ட்டுக்கும் பக்கத்தில் ஹெக்டேர் வேண்டும். முடிவில் இது துல்லியமான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, என் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பத்திரம் இப்போது வழக்கில் இருக்கிறது, 2004-இல் ரத்துப் பத்திரம் ஒன்றும் பதிவாகியிருக்கிறது. சொத்து இருக்கிறது என்று காட்ட இதை மட்டும் வைத்தால், வில்லங்கத்தைத் திறந்து பார்க்கிற எவருக்கும் அது மறைத்த மாதிரித் தெரியும். அது என் மொழிபெயர்ப்பின் குறை ஆகாது, ஆனால் பத்திரத்தைப் படித்துவிட்டுச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வெளியே மூட்டம் இறங்கி எதிர்க்கடை போர்டு மறைந்திருந்தது.

"அப்ப அம்மாவோட பேங்க் பாஸ்புக்கையே வைக்கிறேன் அண்ணா" என்றான். தேயிலைக்காரர் பாஸ்புக்கில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று இருவருக்கும் தெரியும். அதைக் கொண்டு வரச் சொன்னேன். பத்திரத்தை எடுத்துப் புதுக் கற்பூரத்தோடு டின்னுக்குள் வைத்து மூடினான்.